காசோலை திரும்பியதாக வக்கீல் நோட்டீஸ்: எவ்வளவு செலுத்த வேண்டும், 15 நாள் அவகாசம் எந்த நாளில் முடிகிறது?

கடனுக்குச் சரக்கு வாங்கும் சிறு வியாபாரிகளின் கைக்கு வந்து சேரும் வக்கீல் நோட்டீஸ்களில், வங்கியிலிருந்து திரும்பிய காசோலை தொடர்பானவை குறிப்பிடத்தக்கவை. பெரும்பாலும் ஆங்கிலத்தில், இரண்டு அல்லது மூன்று பக்கங்களில் அமையும் இந்த நோட்டீஸ்களில் பல தொகைகளும் பல சட்டப் பிரிவுகளும் அடுக்கப்பட்டிருக்கும். ஆனால் குற்ற வழக்கைத் தவிர்ப்பதற்குச் சட்டம் கேட்பது ஒரே ஒரு தொகையை மட்டுமே. அதைச் செலுத்த வேண்டிய கடைசி நாள் நோட்டீஸில் தேதியாக எழுதப்பட்டிருப்பதில்லை. அதனைக் கடைக்காரரே கணக்கிட்டு அறிய வேண்டும். தொகையிலோ நாளிலோ கணக்கு பிசகினால், தொலைவிலுள்ள ஒரு நகரத்தின் நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டவராக நிற்க நேரிடலாம்.

இவ்வகை நோட்டீஸ்களுக்கு அடிப்படை 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவாகும். கணக்கில் போதிய பணம் இல்லாததால் காசோலை திரும்புவதைக் குற்றமாக்கும் இப்பிரிவு 1989 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. காசோலை திரும்பியதுமே குற்றம் முழுமையாகி விடுவதில்லை என்பது இப்பிரிவின் தனித்தன்மை. காசோலையைப் பெற்றவர் எழுத்து மூலம் பணத்தைக் கோர வேண்டும். அந்தக் கோரிக்கை கிடைத்த 15 நாட்களுக்குள் கொடுக்கத் தவறினால் மட்டுமே வழக்குத் தொடர முடியும். ஆகவே, நோட்டீஸ் என்பது வழக்கு அல்ல. வழக்கு வராமல் தடுத்துக்கொள்ளச் சட்டம் அளிக்கும் கடைசி வாய்ப்பு அது.

ஓர் எடுத்துக்காட்டு

நாடெங்கும் உள்ள ஜவுளிக் கடைகள் குஜராத் மாநிலம் சூரத்திலிருந்து சேலைகளைக் கடனுக்கு வாங்குகின்றன. மத்தியப் பிரதேசத்தின் இந்தூரில் சிறு ஜவுளிக் கடை நடத்தும் ஒருவர், சூரத் மொத்த வியாபாரி ஒருவரிடம் வாங்கிய சரக்கிற்காக 2025 ஜூன் 10 தேதியிட்டு 1,80,000 ரூபாய்க்குக் காசோலை கொடுத்திருந்ததாக வைத்துக்கொள்வோம். மொத்த வியாபாரி அதனை ஜூன் 18 அன்று சூரத்தில் உள்ள தமது வங்கிக் கிளையில் செலுத்துகிறார். கணக்கில் போதிய பணம் இல்லை என்ற காரணத்தைக் குறிப்பிடும் மெமோவுடன் ஜூன் 19 அன்று காசோலை திரும்புகிறது. மொத்த வியாபாரியின் வழக்கறிஞர் ஜூலை 9 தேதியிட்ட நோட்டீஸை விரைவு அஞ்சலில் அனுப்புகிறார். ஜூலை 14, திங்கட்கிழமை, கடையில் இருந்த பணியாளர் கையெழுத்திட்டு உறையைப் பெறுகிறார். வெளியூர் சென்றிருந்த கடைக்காரர் ஜூலை 17 அன்றுதான் உறையைப் பிரிக்கிறார்.

நோட்டீஸின் முதற்பகுதி வழக்கமாக வியாபார வரலாற்றைச் சொல்கிறது. எந்த பில்லுக்கு, எந்த நாளில், எவ்வளவு சரக்கு அனுப்பப்பட்டது என்பன அதில் இடம்பெறும். அடுத்த பகுதியில் காசோலை எண், தேதி, தொகை, வங்கியின் பெயர், திரும்பிய நாள், திரும்பியதற்கான காரணம் ஆகியவை இருக்கும். கடைசிப் பகுதியில்தான் கோரிக்கை வரும். இந்த எடுத்துக்காட்டில் காசோலைத் தொகை 1,80,000 ரூபாய், ஆண்டுக்கு 18 சதவீதம் வீதம் நான்கு மாத வட்டி 10,800 ரூபாய், நோட்டீஸ் கட்டணம் 5,500 ரூபாய் என மொத்தம் 1,96,300 ரூபாய் கேட்கப்பட்டுள்ளது. நோட்டீஸ் கிடைத்த 15 நாட்களுக்குள் செலுத்தாவிட்டால் 138-வது பிரிவின் கீழும், மோசடிக் குற்றத்தின் கீழும் நடவடிக்கை எடுக்கப்படும் என்ற எச்சரிக்கையும் உள்ளது.

படிக்கத் தொடங்கும்போது முதலில் தேட வேண்டியது '138' என்ற எண்ணை. அந்த எண் இல்லாமல் பாக்கித் தொகையை மட்டும் கோரும் நோட்டீஸாக இருந்தால், அதில் எழுதப்பட்டுள்ள 7 நாள் அல்லது 15 நாள் என்பது அனுப்பியவர் தாமாக வைத்த கெடுவாகவே இருக்கலாம். காசோலை திரும்பியது பற்றிய நோட்டீஸாக இருந்தால், 15 நாள் என்பது சட்டம் வகுத்த கெடு. நோட்டீஸில் 7 நாள் என்று எழுதப்பட்டிருந்தாலும், சட்டம் கொடுத்துள்ள 15 நாள் குறைந்துவிடாது.

மூன்று தொகைகளில் ஒன்று

138-வது பிரிவு கோரச் சொல்வது காசோலையில் எழுதப்பட்ட தொகையை. வட்டி, நோட்டீஸ் கட்டணம், இழப்பீடு ஆகியவை அந்தப் பிரிவில் அடங்குவதில்லை. சுமன் சேத்தி எதிர் அஜய் கே. சுரிவால் வழக்கில் 2000-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் இதனைத் தெளிவுபடுத்தியது. காசோலைத் தொகை தனியாகவும் மற்றவை தனியாகவும் பிரித்துக் காட்டப்பட்டிருந்தால் நோட்டீஸ் செல்லும் என்றும், அந்நிலையில் கூடுதல் கோரிக்கைகளைப் பொருட்படுத்தாமல் விடலாம் என்றும் நீதிமன்றம் கூறியது. காசோலைத் தொகை எது என்றே தெரியாதபடி எல்லாவற்றையும் ஒரே தொகையாகக் கேட்டிருந்தால், அந்த நோட்டீஸ் சட்டத்தின் தேவையை நிறைவு செய்யாமல் போகக்கூடும்.

எடுத்துக்காட்டில் உள்ள நோட்டீஸ் மூன்று தொகைகளையும் தனித்தனியே காட்டுகிறது. ஆகையால் அது செல்லத்தக்கது. இந்தூர் கடைக்காரர் 1,80,000 ரூபாயைக் கெடுவிற்குள் செலுத்திவிட்டால் 138-வது பிரிவின்படி குற்றம் உருவாவதில்லை. 10,800 ரூபாய் வட்டியும் 5,500 ரூபாய் கட்டணமும் தரப்பட வேண்டியவையா என்பது உரிமையியல் சார்ந்த பிரச்சினை. பில்லின் அடியில் தாமத வட்டி பற்றிய நிபந்தனை அச்சிடப்பட்டிருக்கிறதா, அது ஏற்கப்பட்டதா என்பதைப் பொறுத்து அது தனியே தீர்மானிக்கப்படும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1,80,000 ரூபாய்க்குப் பதில் 1,00,000 ரூபாயை மட்டும் அனுப்பி, மீதியைப் பின்னர் தருவதாகச் சொன்னால் குற்றம் தவிர்க்கப்படுவதில்லை. காசோலையின் முழுத் தொகையும் 15 நாட்களுக்குள் செலுத்தப்பட வேண்டும் என்பதே சட்டத்தின் நிபந்தனை. பகுதித் தொகை கடனைக் குறைக்கும். வழக்கை நிறுத்தாது.

நாள் எண்ணும் முறை

நோட்டீஸின் தலைப்பில் உள்ள தேதி ஜூலை 9. அஞ்சல் கடைக்கு வந்த நாள் ஜூலை 14. கடைக்காரர் படித்த நாள் ஜூலை 17. இந்த மூன்றில் எதிலிருந்து எண்ணுவது என்பதில்தான் பலரும் தடுமாறுகின்றனர்.

சட்டம் குறிப்பிடுவது நோட்டீஸ் கிடைத்த நாளை. அந்த நாளை விட்டுவிட்டு அடுத்த நாளிலிருந்து எண்ண வேண்டும். ஆகவே ஜூலை 15 முதல் நாள், ஜூலை 29, செவ்வாய்க்கிழமை, பதினைந்தாம் நாள். அன்றைக்குள் பணம் மொத்த வியாபாரியின் கைக்குச் சேர்ந்திருக்க வேண்டும். நோட்டீஸ் தேதியிலிருந்து எண்ணுபவருக்கு ஜூலை 24 என்று விடை வரும். அதனால் தீங்கில்லை. ஐந்து நாள் முன்னதாகவே பணம் கட்டிவிடுவார். தாம் படித்த நாளிலிருந்து எண்ணுபவருக்கு ஆகஸ்ட் 1 என்று விடை வரும். ஆபத்தானது இந்தக் கணக்குதான். கடை முகவரியில் பணியாளரோ குடும்பத்தினரோ பெற்றுக்கொண்ட அஞ்சல், கடைக்காரருக்குக் கிடைக்கவில்லை என்று நிறுவுவது எளிதல்ல.

எனவே உறையைத் தூக்கி எறியாமல் நோட்டீஸோடு சேர்த்து வைத்துக்கொள்வது அவசியம். உறையின் மேல் ஒட்டப்பட்டுள்ள விரைவு அஞ்சல் எண்ணை இந்திய அஞ்சல் துறையின் இணையதளத்தில் உள்ளிட்டால், அது பட்டுவாடா செய்யப்பட்ட நாள் தெரியவரும். நீதிமன்றத்தில் மொத்த வியாபாரி முன்வைக்கும் ஆதாரமும் இதுவாகவே இருக்கும். அதே நோட்டீஸ் மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ முன்னதாக வந்திருந்தால், அந்த முந்தைய நாளிலிருந்து எண்ணிக்கொள்வது பாதுகாப்பானது.

நோட்டீஸை வாங்க மறுத்தால் கெடு தொடங்காது என்ற எண்ணம் வியாபாரிகளிடையே பரவலாக உள்ளது. இது தவறு. சரியான முகவரிக்கு உரிய முறையில் அனுப்பப்பட்ட பதிவு அஞ்சல் சேர்ந்துவிட்டதாகக் கொள்ளப்படும் என்று பொதுப் பிரிவுகள் சட்டத்தின் 27-வது பிரிவு கூறுகிறது. வாங்க மறுத்ததாகவோ, வீடு பூட்டியிருந்ததாகவோ குறிப்பெழுதப்பட்டுத் திரும்பிய அஞ்சலும் சேர்ந்ததாகவே கருதப்படலாம். வாங்க மறுப்பவர் கடைசியில் இழப்பது, நோட்டீஸில் என்ன கேட்கப்பட்டது என்று அறியும் வாய்ப்பையும் 15 நாள் அவகாசத்தையும்தான்.

அனுப்பியவருக்கும் கெடு உண்டு

கெடு கடைக்காரருக்கு மட்டும் உரியதல்ல. காசோலை செல்லத்தக்க காலத்திற்குள் வங்கியில் செலுத்தப்பட்டிருக்க வேண்டும். 2012 ஏப்ரல் 1 முதல் இக்காலம் காசோலைத் தேதியிலிருந்து மூன்று மாதங்கள். காசோலை திரும்பியது பற்றி வங்கியிடமிருந்து தகவல் கிடைத்த 30 நாட்களுக்குள் நோட்டீஸ் அனுப்பப்பட்டிருக்க வேண்டும். எடுத்துக்காட்டில் ஜூன் 10 தேதியிட்ட காசோலை ஜூன் 18 அன்றே செலுத்தப்பட்டது. மெமோ கிடைத்தது ஜூன் 19. முப்பதாம் நாள் ஜூலை 19. நோட்டீஸ் ஜூலை 9 அன்று அனுப்பப்பட்டதால் அதுவும் சரியே.

இந்த நாட்களைச் சரிபார்க்கும்போது நோட்டீஸில் எழுதப்பட்ட தேதியை மட்டும் நம்பாமல், உறையில் உள்ள அஞ்சல் முத்திரையையும் பார்க்க வேண்டும். ஜூலை 9 என்று தேதியிட்ட நோட்டீஸ் ஜூலை 22 அன்று அஞ்சலில் சேர்க்கப்பட்டிருந்தால், 30 நாள் கடந்துவிட்டது என்று கடைக்காரரின் வழக்கறிஞர் வாதிட முடியும்.

ஆனால் இத்தகைய பிழையைக் கண்டதும் நிம்மதி அடைந்துவிடக் கூடாது. காசோலையின் மூன்று மாதக் காலம் முடியாதிருந்தால், அதனை மீண்டும் வங்கியில் செலுத்தி, மீண்டும் திரும்பியதும் புதிய நோட்டீஸ் அனுப்பலாம். முதல் முறை திரும்பியபோது வழக்குத் தொடராதது அதற்குத் தடையாகாது என்று எம்.எஸ்.ஆர். லெதர்ஸ் வழக்கில் 2012-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. இந்த எடுத்துக்காட்டில் செப்டம்பர் முற்பகுதி வரை அந்த வாய்ப்பு மொத்த வியாபாரிக்கு உண்டு.

ஏற்கெனவே ஒரு பகுதி கொடுக்கப்பட்டிருந்தால்

ஜவுளி வியாபாரத்தில் காசோலையை முன்கூட்டியே கொடுத்துவிட்டு, பின்னர் சிறுகச் சிறுகப் பணம் அனுப்பும் பழக்கம் உண்டு. இந்தூர் கடைக்காரர் ஜூன் 10 தேதியிட்ட காசோலையை ஏப்ரல் மாதமே கொடுத்துவிட்டார் என்றும், ஜூன் 2 அன்று 60,000 ரூபாயை வங்கி வழியாக அனுப்பினார் என்றும் வைத்துக்கொண்டால் நிலைமை மாறுகிறது. காசோலை வங்கிக்குச் சென்ற ஜூன் 18 அன்று உண்மையான பாக்கி 1,20,000 ரூபாய் மட்டுமே. ஆனால் 1,80,000 ரூபாய்க்கான காசோலை அப்படியே செலுத்தப்பட்டுள்ளது.

இத்தகைய சூழலை உச்ச நீதிமன்றம் 2022 அக்டோபரில் தசரத்பாய் திரிகம்பாய் படேல் எதிர் ஹிதேஷ் மகேந்திரபாய் படேல் வழக்கில் ஆராய்ந்தது. காசோலை கொடுத்த பின்னரும் அது பணமாக்கப்படுவதற்கு முன்னரும் ஒரு பகுதி செலுத்தப்பட்டிருந்தால், அதனை 56-வது பிரிவின்படி காசோலையிலேயே குறித்து, மீதித் தொகைக்கு மட்டுமே அதைப் பயன்படுத்த வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. அவ்வாறு குறிக்காமல் முழுத் தொகைக்கும் செலுத்தப்பட்ட காசோலை திரும்பினால், அது சட்டப்படி வசூலிக்கத்தக்க கடனைக் குறிக்காததால் 138-வது பிரிவின் குற்றம் ஆகாது என்பது அத்தீர்ப்பு.

இந்த எதிர்வாதம் வலுவானது. எனினும் அதன் உயிர்நாடி ஆதாரத்தில் உள்ளது. மொத்த வியாபாரிக்கும் கடைக்காரருக்கும் இடையே பல பில்கள் கொண்ட தொடர் கணக்கு இருந்தால், ஜூன் 2 அன்று வந்த 60,000 ரூபாயைப் பழைய பில் ஒன்றில் வரவு வைத்ததாக மொத்த வியாபாரி கூறக்கூடும். எனவே நோட்டீஸ் கிடைத்ததும் செய்ய வேண்டிய முதல் வேலைகளில் ஒன்று பேரேட்டை எடுத்து, எந்தப் பணம் எந்த பில்லுக்குச் சென்றது என்று வரிவரியாகப் பொருத்திப் பார்ப்பது. வங்கிக் கணக்கு அறிக்கையும், பணம் அனுப்பியபோது பில் எண்ணைக் குறிப்பிட்டு அனுப்பிய குறுஞ்செய்தியும் இதில் உதவும். ரசீது இல்லாமல் ரொக்கமாகக் கொடுத்ததாகச் சொல்லப்படும் பணம் இங்கே அதிகம் பயன்படுவதில்லை.

கையெழுத்திட்டு, தொகை எழுதாமல் உத்தரவாதமாகக் கொடுத்த காசோலை என்ற வாதத்தையும் கடைக்காரர்கள் அடிக்கடி முன்வைக்கின்றனர். தாமாக முன்வந்து கையெழுத்திட்டுக் கொடுத்த காசோலையில் மற்ற விவரங்களை வேறொருவர் நிரப்பினார் என்பதால் மட்டும் அது செல்லாததாகாது என்று பீர் சிங் எதிர் முகேஷ் குமார் வழக்கில் 2019-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தின் 139-வது பிரிவு, காசோலை கடனுக்காகவே கொடுக்கப்பட்டது என்று முதலில் அனுமானிக்கச் சொல்கிறது. அவ்வளவு கடன் இல்லை என்று காட்டும் பொறுப்பு கடைக்காரருடையது. கணக்கில் பணம் இல்லாமை மட்டுமல்லாமல், பணம் கொடுக்க வேண்டாம் என்று வங்கிக்கு அறிவுறுத்தியதாலோ கையெழுத்து பொருந்தாததாலோ திரும்பிய காசோலைக்கும் இப்பிரிவு பொருந்தக்கூடும் என்று குஜராத்தைச் சேர்ந்த லட்சுமி டைகெம் வழக்கில் 2012-ஆம் ஆண்டில் தீர்ப்பளிக்கப்பட்டுள்ளது.

பதில் அனுப்புவது கெடுவை நீட்டிக்காது

நோட்டீஸ்களின் முடிவில் பணம் செலுத்துமாறும் பதில் தருமாறும் ஒருசேரக் கேட்கப்படுவதுண்டு. இவை இரண்டும் வேறானவை. பதில் அனுப்ப வேண்டும் என்று 138-வது பிரிவு கட்டாயப்படுத்தவில்லை. பதில் அனுப்பாததால் மட்டும் ஒருவர் குற்றவாளி ஆகிவிடுவதும் இல்லை. ஆனால் மறுப்பதற்குக் காரணம் இருந்தும் வாய் திறக்காமல் இருந்துவிட்டு, நீதிமன்றத்தில் முதன்முறையாக அதைச் சொன்னால் அதன் நம்பகத்தன்மை குறைகிறது. 2010-ஆம் ஆண்டின் ரங்கப்பா எதிர் ஸ்ரீ மோகன் வழக்கில், நோட்டீஸுக்குப் பதில் அனுப்பாததை உச்ச நீதிமன்றம் காசோலை கொடுத்தவருக்கு எதிரான ஓர் அம்சமாகக் கருதியது.

முழுக் கடனையும் ஒப்புக்கொள்பவருக்குப் பதிலைவிடப் பணமே முக்கியம். கணக்கில் தகராறு உள்ளவருக்குப் பதில் இன்றியமையாதது. எந்தத் தொகை, எந்த நாளில், எந்த வழியில் செலுத்தப்பட்டது என்பதை நகல் ஆதாரங்களுடன் அதில் குறிப்பிட வேண்டும். வழக்கறிஞரின் உதவியின்றி எழுதப்படும் பதில்களில் அடிக்கடி காணப்படும் பிழை, மேலும் மூன்று மாத அவகாசம் தருமாறு கேட்பது. முழுத் தொகைக்கும் அவகாசம் கேட்பது, அந்தத் தொகை முழுவதும் பாக்கி என்று ஒப்புக்கொண்டதாகப் படிக்கப்படும்.

தொலைபேசிப் பேச்சும் கெடுவை நிறுத்துவதில்லை. தீபாவளி விற்பனை முடிந்ததும் தந்துவிடலாம் என்று மொத்த வியாபாரி வாய்மொழியாகச் சொல்லியிருந்தாலும், ஜூலை 29 கடந்ததும் அவருக்கு வழக்குத் தொடரும் உரிமை பிறந்துவிடுகிறது. உடன்பாடு ஏற்பட்டால் அதனை எழுத்தில் பெற்று, இந்தக் காசோலையின் பேரில் வழக்குத் தொடரப்படாது என்பதையும் அதில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பணம் செலுத்தும் முறையும் கவனத்திற்குரியது. பில்லில் அச்சிடப்பட்டுள்ள வங்கிக் கணக்கிற்கு நெஃப்ட் அல்லது ஆர்டிஜிஎஸ் மூலம் அனுப்பினால், நாளும் தொகையும் வங்கிப் பதிவில் நிற்கும். அனுப்பியதற்கான பரிவர்த்தனை எண்ணையும், பணம் எந்தக் காசோலைக்கு உரியது என்பதையும் குறிப்பிட்டு வழக்கறிஞருக்கும் மொத்த வியாபாரிக்கும் விரைவு அஞ்சலில் ஒரு கடிதம் அனுப்புவது நல்லது. அந்தக் கடிதத்திலேயே பழைய காசோலையைத் திருப்பித் தருமாறு கேட்கலாம். பழையதற்குப் பதில் புதிய காசோலை கொடுப்பது பாதுகாப்பானதல்ல. அதுவும் திரும்பினால் பணம் செலுத்தியதாக ஆகாது. மேலும் ஒரு வழக்கிற்கே அது வழிவகுக்கும்.

ஜூலை 29 கடந்தால்

பதினைந்தாம் நாள் முடிந்து பணம் வராவிட்டால், ஜூலை 30 அன்று மொத்த வியாபாரிக்கு வழக்கிற்கான காரணம் எழுகிறது. அதிலிருந்து ஒரு மாதத்திற்குள் அவர் நீதித்துறை நடுவரிடம் புகார் அளிக்க வேண்டும். காரணம் எழுந்த நாளை விட்டுவிட்டு எண்ணும் முறையை உச்ச நீதிமன்றம் 1999-ஆம் ஆண்டின் சாகேத் இந்தியா வழக்கில் ஏற்றது. 2013-ஆம் ஆண்டின் ஈகான் ஆன்ட்ரி வழக்கில் அதனை உறுதிப்படுத்தியது. அதன்படி ஆகஸ்ட் 30 வரை புகார் அளிக்கலாம். தாமதத்திற்குப் போதிய காரணம் காட்டினால், அதன் பின்னர் வந்த புகாரையும் நீதிமன்றம் ஏற்க முடியும். எனவே ஆகஸ்ட் 30 கடந்துவிட்டது என்பதால் மட்டும் வழக்கு வராது என்று முடிவு செய்துவிட முடியாது. அவசரப்பட்டு 15 நாள் முடிவதற்கு முன்பே அளிக்கப்பட்ட புகார் செல்லாது என்று 2014-ஆம் ஆண்டின் யோகேந்திர பிரதாப் சிங் வழக்கில் தீர்ப்பளிக்கப்பட்டது.

வழக்கு நடைபெறும் இடம் பல கடைக்காரர்களுக்கு எதிர்பாராதது. காசோலையைப் பெற்றவர் கணக்கு வைத்திருக்கும் வங்கிக் கிளை எந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள் உள்ளதோ, அங்கேயே வழக்குத் தொடர வேண்டும் என்று 2015-ஆம் ஆண்டின் திருத்தம் கூறுகிறது. காசோலை இந்தூர் வங்கிக்கு உரியதாக இருந்தாலும், மொத்த வியாபாரியின் கணக்கு சூரத்தில் இருப்பதால் வழக்கு சூரத்தில்தான் நடைபெறும். அழைப்பாணை வந்த பிறகு அங்கு முன்னிலையாகும் செலவும், கடையை மூடிவிட்டுப் பயணம் செய்யும் நாட்களும் தொகையோடு சேர்ந்துகொள்கின்றன.

குற்றம் நிரூபிக்கப்பட்டால் அதிகபட்சம் இரண்டு ஆண்டு சிறை, அல்லது காசோலைத் தொகையின் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். இந்த எடுத்துக்காட்டில் அபராதத்தின் உச்ச வரம்பு 3,60,000 ரூபாய். வழக்கு நடக்கும்போதே காசோலைத் தொகையில் 20 சதவீதம் வரை, அதாவது 36,000 ரூபாய் வரை, இடைக்கால இழப்பீடு கொடுக்குமாறு உத்தரவிட 2018-ஆம் ஆண்டின் திருத்தம் நீதிமன்றத்திற்கு அதிகாரம் அளித்துள்ளது. ஒவ்வொரு வழக்கிலும் இதனை விதித்தாக வேண்டிய கட்டாயமில்லை என்றும், அது நீதிமன்றத்தின் விருப்புரிமைக்கு உட்பட்டது என்றும் 2024-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

நோட்டீஸில் எழுதப்படும் மோசடிக் குற்றச்சாட்டு இதிலிருந்து வேறுபட்டது. 138-வது பிரிவின்படியான வழக்கு, காசோலையைப் பெற்றவர் நீதிமன்றத்தில் எழுத்து மூலம் அளிக்கும் புகாரின் பேரில் நடைபெறுவது. மோசடி என்று நிலைநாட்ட, தொடக்கத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைத் தனியே காட்ட வேண்டும். வழக்கறிஞர் ஒருவர் தமது கட்சிக்காரர் சார்பில் எழுதிய கடிதம் நீதிமன்ற உத்தரவு ஆகாது. அதன் பேரில் மட்டும் யாரையும் கைது செய்யவோ கடையைப் பூட்டவோ முடியாது.

நோட்டீஸ் உண்மையிலேயே கைக்குக் கிடைக்காமல், நீதிமன்ற அழைப்பாணை வந்த பிறகே விவரம் தெரிய வருவதும் உண்டு. அவ்வாறு கூறுபவர், புகார் நகலுடன் அழைப்பாணை கிடைத்த 15 நாட்களுக்குள் காசோலைத் தொகையைச் செலுத்தி, அதனை நீதிமன்றத்தில் தெரிவித்துப் புகாரைத் தள்ளுபடி செய்யக் கோரலாம் என்று சி.சி. அலவி ஹாஜி வழக்கில் 2007-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் கூறியது. அந்த 15 நாட்களிலும் செலுத்தாதவர், நோட்டீஸ் சரியாக வந்து சேரவில்லை என்று பின்னர் வாதிட முடியாது என்பதும் அத்தீர்ப்பின் பகுதியாகும்.

நோட்டீஸை மொழிபெயர்த்துப் புரிந்துகொள்ளவோ பதில் தயாரிக்கவோ வழக்கறிஞரை அமர்த்த இயலாதவர்கள் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களும், பட்டியல் சாதி மற்றும் பழங்குடி வகுப்பினரும், வரம்பிற்குட்பட்ட வருமானம் உள்ளவர்களும் இலவச சட்ட உதவி பெறத் தகுதியுடையவர்கள். தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் உதவி எண் 15100. செல்லும்போது நோட்டீஸ், அது வந்த உறை, தொடர்புடைய பில்கள், கடந்த ஓராண்டு வங்கிக் கணக்கு அறிக்கை ஆகியவற்றை உடன் கொண்டு செல்ல வேண்டும்.